சிவப்பை மிஞ்சும் வலி

காலில் ஒரு முள் ஏறிய பிறகு வரும் வீக்கம் இரண்டு வெவ்வேறு நோய்களின் தொடக்கமாக இருக்கலாம். முதலாவது செல்லுலைட்டிஸ். தோலிலும் அதை ஒட்டிய கொழுப்பிலும் கிருமி புகுந்து உண்டாக்கும் அழற்சி அது. இரண்டாவது சதை அழுகல் நோய். அதில் கிருமி இன்னும் ஆழத்தில், தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வின் மேல் பரவி, போகிற வழியெல்லாம் உயிருள்ள திசுவைச் சாகடிக்கிறது. செல்லுலைட்டிஸ் பெரும்பாலும் மாத்திரையிலோ ஊசியிலோ அடங்கிவிடும். சதை அழுகலோ கத்தி படாமல் நிற்காது. முதல் நாளில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதுதான் ஆபத்து.

சேலம், நாமக்கல் சமவெளியில் கிருமி உள்ளே நுழைய வாசல்களுக்குப் பஞ்சமில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்பவருக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். மானாவாரிக் காட்டில் வெறுங்காலோடு நடப்பவரின் குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகப் பிளந்திருக்கும். கரும்புச் சோகை கையைக் கிழிக்கும். சீமைக்கருவேல முள் செருப்பையும் துளைக்கும். இந்த வாசல்கள் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள் நுழைகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தோலோடும் அதை ஒட்டிய கொழுப்போடும் நின்றுவிடுகின்றன. இடம் சூடாகிச் சிவக்கிறது, வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது, தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மினுங்கும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல், புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

சதை அழுகல் ஏன் வேறு வகையானது என்பதை விளங்கிக்கொள்ள, ஆட்டுத் தொடைக்கறியை நறுக்கிப் பார்த்திருந்தால் போதும். தசையின் மேல் வெள்ளையாக, வழுவழுப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். மனித உடலிலும் அப்படித்தான். அந்தச் சவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் அங்கே எதிர்ப்புச் சக்தி மெதுவாக வந்து சேர்கிறது, கிருமியோ விரைவாகப் படர்கிறது. படரும்போது சவ்வைத் துளைத்துத் தோலுக்கு ஏறிவரும் சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மேலே தோல் நன்றாகத் தெரிந்தாலும் அதற்கு வரவேண்டிய ரத்தம் கீழேயே நின்றுபோயிருக்கும். நோயின் மற்ற குணங்கள் எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன. கிருமிக்கொல்லி மருந்து ரத்தத்தில்தான் போக வேண்டும். ரத்தமே போகாத இடத்துக்கு எவ்வளவு வீரியமான மருந்தும் போய்ச் சேராது.

அறிகுறிகள் வரும் வரிசையும் இதனால்தான் தலைகீழாக இருக்கிறது. சேதம் அடியில் தொடங்குவதால் வலி முதலில் வருகிறது, தோலில் மாற்றம் பிறகு வருகிறது. உள்ளங்கை அளவு சிவப்புக்கு உயிர்போகிற வலி என்றால், அந்தக் கணக்கு சரியில்லை. சிவப்பின் எல்லையைத் தாண்டி, பார்க்க நன்றாக இருக்கும் தோலை அழுத்தினாலும் நோயாளி துடிக்கிறார் என்றால் கிருமி அடியில் அங்கே ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். வீக்கம் மெத்தென்று குழிவிழாமல் மரக்கட்டைபோல் இறுகுவதும் அடியாழத்தின் குரல்தான். அதற்குப் பிறகே தோல் ஊதா நிறமாகி, ரத்தம் கலந்த நீர்க் கொப்புளங்கள் கிளம்பி, கடைசியில் கறுக்கிறது. அந்தக் கட்டத்தில் நரம்பும் செத்துவிடுவதால் வலி மரத்துப்போகும். ‘இப்போது வலியே இல்லை’ என்று நோயாளி சொல்வதைக் கேட்டு வீட்டார் நிம்மதி அடைவது வழக்கம். அது நிம்மதிக்கான செய்தி அல்ல.

பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்காலில் வேலை செய்யும் 55 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் தனியொரு ஆள் அல்ல. அறுவை சிகிச்சை வார்டுகளில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒருவர்மேல் வைத்துச் சொல்லும் எடுத்துக்காட்டு. பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய். பாதம் மரத்திருப்பதால் திங்கட்கிழமை முள் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. செவ்வாய் இரவு குளிர்காய்ச்சல். புதன் காலை பாதம் கணுக்கால் வரை சிவந்திருக்கிறது. ஊரிலுள்ள மருத்துவர் செல்லுலைட்டிஸ் என்று மாத்திரை கொடுக்கிறார். அந்த நேரத்துக்கு அது நியாயமான முடிவுதான். சிவப்பின் ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதிவிடுகிறார்.

அந்தக் கோடு பயனுள்ளது, ஆனால் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். சாதாரணச் செல்லுலைட்டிஸிலும் மருந்து தொடங்கிய முதல் நாளில் சிவப்பு சற்றுக் கூடலாம். இரண்டு மூன்று நாளில் வடியத் தொடங்கும். அதே சமயம் நோயாளிக்குத் தெம்பு திரும்பியிருக்கும், காய்ச்சல் குறைந்திருக்கும். மணிக்கணக்கில் கோட்டைத் தாண்டி ஓடுவது வேறு சங்கதி. கோடு அப்படியே நிற்க, வலி மட்டும் கோட்டுக்கு மேலே ஏறுவது அதைவிட மோசம்.

புதன் இரவு அவருக்குக் கெண்டைக்காலில் தூங்கவிடாத வலி. மருந்துக்கடையில் வாங்கிய வலிமாத்திரை இரண்டு மணி நேரம் கேட்கிறது, பிறகு கேட்கவில்லை. வியாழன் விடியலில் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது, புறங்காலில் ஊதாத் திட்டு ஒன்று தெரிகிறது. நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 90-க்கு 60. கேட்ட கேள்விக்குத் தாமதித்துப் பதில் சொல்கிறார். சிவப்பு இன்னும் கணுக்காலைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் மாத்திரையை மாற்றிப் பார்ப்பதற்கு நேரமில்லை. உடனே அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எல்லா அறிகுறியும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருப்பது இந்த நோயில் அடிக்கடி நடக்கும் தவறு. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் வெளியான தொகுப்பு இதற்குக் கணக்குத் தருகிறது. சதை அழுகல் உறுதியானவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே காய்ச்சல் இருந்தது. ரத்தக் கொப்புளம் நான்கில் ஒருவருக்கு, ரத்த அழுத்த வீழ்ச்சி ஐந்தில் ஒருவருக்கு. எக்ஸ்ரேயில் திசுவுக்குள் காற்று தெரிந்தது ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான். ஆக, அழுத்தினால் நறநறக்கும் காற்று இருந்தால் நோய் உண்டு என்று சொல்லலாம். இல்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. சிங்கப்பூர் மருத்துவர்கள் 2004-ல் ஆறு ரத்தப் பரிசோதனைகளை வைத்து ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். வெள்ளணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியேட்டினின், சர்க்கரை, அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஆகிய ஆறும் சேர்ந்து 13 மதிப்பெண். 6-ஐத் தொட்டால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் அதே தொகுப்பில் இந்த 6 என்ற கோடு பத்து நோயாளிகளில் மூன்று பேரைத் தவறவிட்டது. மதிப்பெண் குறைவு என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு அது அனுமதிச் சீட்டாகாது.

சர்க்கரை நோயாளிகளிடம் மிக நம்பகமான அறிகுறியான வலியே ஏமாற்றக்கூடும். பாதத்து நரம்பு தேய்ந்தவருக்குச் சதை அழுகும்போதும் சிறு கடுப்பு மட்டும் இருக்கலாம். அத்தகையவரிடம் காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, படபடக்கும் நாடி, தடுமாறும் பேச்சு ஆகியவற்றுக்கு வலிக்குக் கொடுக்கும் அதே எடையைக் கொடுக்க வேண்டும். இன்னொரு மறைவிடம் மர்ம உறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய பகுதி. ஃபூர்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1883-ல் விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கப்படும் அழுகல் அங்கே வருகிறது. ஆணானாலும் பெண்ணானாலும் கூச்சத்தால் இரண்டு நாள் மறைத்துவிடுவதே அதில் உயிரைக் குடிக்கிறது.

ஸ்கேன் சந்தேகத்தைத் தீர்க்க உதவும். சிடி ஸ்கேன் எக்ஸ்ரேயைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு வரிசையில் காத்திருக்கும் நேரம் நோய்க்கு லாபம். நோயாளி தளர்ந்துவிட்டால் ஸ்கேனைத் தவிர்த்து நேரே திறந்து பார்ப்பதே முறை. சந்தேகம் அரைகுறையாக இருந்தால், மரத்துப்போகும் ஊசி போட்டு இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சவ்வு வரை கீறி விரலை விட்டுப் பார்க்கலாம். நல்ல திசுவில் ரத்தம் வடியும்; சவ்வு தசையோடு இறுக ஒட்டி விரலைத் தடுக்கும். அழுகலில் ரத்தம் வராது. பாத்திரம் கழுவிய தண்ணீர்போல் சாம்பல் நிற நீர் கசியும். விரல் வைத்ததும் திசு தடையின்றிப் பிரிந்து வழிவிடும். கீறலில் ஒன்றும் இல்லையென்றால் இரண்டு தையலோடு முடிந்தது. அதனால் ‘வீணாகக் கீறிவிட்டோமோ’ என்ற தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

கொடிக்கால்காரரின் காலில் விரல் கெண்டைக்காலின் பாதிவரை தடையில்லாமல் போகிறது. சலைனும் பலவகைக் கிருமிகளைக் கொல்லும் ஊசிகளும் முதலிலேயே தொடங்கிவிட்டன. அவற்றில் கிளின்டாமைசினைச் சேர்ப்பது கிருமி நஞ்சு சுரப்பதை அடக்குவதற்காக. பிறகு அறுவை அரங்கில் செத்த சவ்வும் கொழுப்பும் தோலும், ரத்தம் வரும் ஓரம் தென்படும் வரை வெட்டி எடுக்கப்படுகின்றன. புண் மூடப்படாது. அடுத்த 24 மணி நேரத்துக்குள் மறுபடி அரங்குக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்ப்பார்கள், மிச்சம் இருந்தால் மீண்டும் வெட்டுவார்கள். வாரங்கள் கழித்துத் தொடைத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். கேட்கக் கொடூரமாக இருந்தாலும், காலை முழுதாக எடுக்காமல் காப்பாற்றும் வழி இதுவே. 2020-ல் வெளியான மற்றொரு தொகுப்பில், மருத்துவமனையில் சேர்ந்த ஆறு மணி நேரத்துக்குள் அறுவை நடந்தவர்களில் 100-க்கு 19 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவர்களில் 32 பேர்.

இந்த மணிக்கணக்கு தொலைவது பெரும்பாலும் வழியில்தான். பூச்சிக்கடி என்று மந்திரிக்கப் போவதிலும், அக்கி என்று காவி பூசுவதிலும் ஒரு நாள் போகிறது. பூசிய காவி தோலின் நிற மாற்றத்தையும் மறைத்துவிடுகிறது. ஒரு கிளினிக்கில் வலி ஊசி, இன்னொன்றில் சலைன் என்று அலைவதில் அடுத்த நாள் போகிறது. வலி ஊசி காய்ச்சலையும் வலியையும் அமுக்கி வைப்பதால் பார்க்கிற மருத்துவருக்கும் தடம் தப்பும். அறுவை அரங்கும் ரத்த வங்கியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போவதுதான் முறை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. 108-ல் ஏறும்போது மருத்துவச் சீட்டுகளைக் கொடுத்து, நான்கு விவரங்களையும் சொல்லுங்கள்: வலி எப்போது தொடங்கியது, சிவப்பைத் தாண்டி எதுவரை வலிக்கிறது, பேனாக் கோட்டை எத்தனை மணிக்குத் தாண்டியது, சர்க்கரை இருக்கிறதா. அங்கே போனதும், ‘சர்ஜன் ஒருமுறை பார்த்துவிடட்டும்’ என்று தயங்காமல் கேளுங்கள்.