அலுவலகப் பயணமும் செலவுச் சான்றுகளும்

அலுவலகப் பணிக்காக வெளியூர் செல்லும் ஊழியர் பல நேரங்களில் முதலில் தம் கைப்பணத்தைச் செலவிட்டு, திரும்பிய பின்னர் அதனை நிறுவனத்திடமிருந்து பெறுகிறார். கணக்குப் பிரிவு அக்கோரிக்கையைத் திருப்பி அனுப்பும்போது, பெரும்பாலும் ஊழியரின் நேர்மையில் ஐயம் எழுவதில்லை. கொடுக்கப்பட்ட தாள், கேட்கப்பட்ட கேள்விக்கு விடையாக அமையாததே காரணமாகிறது.

கேள்விகள் மூன்று. பயணம் உண்மையில் நடந்ததா? அதற்கு எவ்வளவு விலை விதிக்கப்பட்டது? அத்தொகையைச் செலுத்தியவர் யார்? முதல் கேள்விக்குப் போர்டிங் பாஸும், இரண்டாவதற்கு இன்வாய்ஸும், மூன்றாவதற்கு ரசீது அல்லது வங்கிக் கணக்கு அறிக்கையும் விடை தருகின்றன. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்குவோம். சென்னை நிறுவனம் ஒன்றின் ஊழியர், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் உள்ள வாடிக்கையாளரைச் சந்திக்க விமானத்தில் சென்று, இரண்டு இரவுகள் தங்கித் திரும்புகிறார் எனக் கொள்வோம்.

விமானப் பயணம்

முன்பதிவு செய்தவுடன் மின்னஞ்சலில் வரும் பயணச்சீட்டு, இருக்கை பதிவானதை மட்டுமே காட்டும். பதிவு செய்த சீட்டைப் பின்னர் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறவும் இயலும். ஆகவேதான் நிறுவனங்கள் போர்டிங் பாஸைக் கேட்கின்றன. விடுப்புப் பயணச் சலுகையைப் பெறப் போலிப் போர்டிங் பாஸ்கள் காட்டப்பட்டதாக 2014-ஆம் ஆண்டில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குகள் பதிவு செய்ததை வாசகர்கள் நினைவுகூரலாம்.

விமான நிலையக் கவுன்டரில் தரப்படும் போர்டிங் பாஸ் வெப்பத்தாளில் அச்சாவது. வெயிலில் நிறுத்திய காரிலோ, பிளாஸ்டிக் உறையிலோ இருந்தால் அதன் எழுத்துகள் மங்கிவிடும். எனவே இருக்கையில் அமர்ந்தவுடன் அதனைப் படம் எடுத்துக்கொள்வது நலம். கைபேசியில் பெற்ற போர்டிங் பாஸைப் பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்க வேண்டும். பயணம் முடிந்த பின் விமான நிறுவனத்தின் செயலியில் அது கிடைக்காமற் போகலாம். தவறவிட்டவர்கள் பி.என்.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, பயணம் செய்தமைக்கான சான்றை விமான நிறுவனத்திடம் கேட்கலாம். பல நிறுவனங்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்டால் வழங்குகின்றன.

விமானக் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் தனி ஆவணம். முன்பதிவின்போதே நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால், சென்னை நிறுவனம் அவ்வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். கொடுக்கத் தவறினால் அவ்வாய்ப்பு நழுவும். வலைத்தளம் வழியாகப் பதிவு செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தளம் அனுப்பும் இன்வாய்ஸ் அதன் சேவைக் கட்டணத்துக்கு மட்டும் உரியதாக இருக்கலாம்; பயணக் கட்டணத்துக்கானதை விமான நிறுவனத்தின் தளத்திலிருந்து பெற வேண்டும்.

தங்கும் விடுதி

மிகுதியான கருத்து வேறுபாடு எழுவது இங்கேதான். அறை வாடகை நாளொன்றுக்கு 4,500 ரூபாய் என்றால் இரண்டு இரவுகளுக்கு 9,000 ரூபாய். நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. ஆகவே மத்திய வரி 225, கேரள மாநில வரி 225 என 450 ரூபாய் சேர்ந்து, 9,450 ரூபாய் ஆகிறது.

ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. விடுதி அறைக்கான வரி, விடுதி அமைந்துள்ள மாநிலத்துக்கே உரியது. ஆதலால் 33-இல் தொடங்கும் எண் மட்டும் உடைய சென்னை நிறுவனம், திருவனந்தபுரத்தில் செலுத்திய இந்த 450 ரூபாயைக் கழித்துக்கொள்ள இயலாது. அதே நிறுவனத்துக்குக் கேரளத்திலும் பதிவு இருந்தால், விடுதியில் 32-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்துக் கழிவைப் பெறலாம். எந்த எண்ணைக் கொடுப்பது என்பதையும், தங்கும் செலவுக்கான உச்சவரம்பு வரியையும் சேர்த்ததா என்பதையும் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். உச்சவரம்பு 4,500 ரூபாய் என்றும், அது வரி உட்பட என்றும் இருந்தால், நம் எடுத்துக்காட்டில் 450 ரூபாய் ஊழியர் தலையில் விழும்.

நிறுவனத்தின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றை அறை எடுக்கும்போதே விடுதியில் எழுதித் தருவது நன்று. பில் அச்சாகி, விடுதி தன் வரிக்கணக்கைத் தாக்கல் செய்த பின் திருத்துவது எளிதன்று. துணி துவைத்தல் போன்ற சொந்தச் செலவுகளுக்குத் தனி பில் கேட்டுப் பெறலாம்.

பணம் செலுத்தும் முறை

விடுதியில் 1,050 ரூபாய்க்கு உணவும் உண்டிருந்தால் மொத்தம் 10,500 ரூபாய். இதனை ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலுத்தப்படும் செலவை, வருமான வரிக் கணக்கில் நிறுவனம் பொதுவாகக் கழித்துக்கொள்ள இயலாது. கார்டு அல்லது யு.பி.ஐ. வழியே செலுத்தினால் இச்சிக்கல் எழாது. கணக்கு அறிக்கையிலும் தேதியும் தொகையும் பதிவாகும்.

ஆயினும் யு.பி.ஐ. திரையைப் படம் பிடித்துத் தருவது பில்லுக்கு ஈடாகாது. எவ்வளவு சென்றது என்பதை அது காட்டும். எதற்காகச் சென்றது என்பதைக் காட்டாது. சிறு உணவகங்களின் க்யூ.ஆர். குறியீட்டில் கடையின் பெயருக்குப் பதிலாக உரிமையாளரின் பெயர் இருப்பதுண்டு. கடையின் பில்லில் பரிவர்த்தனை எண்ணை எழுதி வைத்தால் இரண்டும் ஒன்றென விளங்கும்.

பில் தராத செலவுகள்

விமான நிலையத்திலிருந்து கழக்கூட்டத்துக்கு ஆட்டோவில் சென்றால் பில் கிடைக்காது. அத்தகைய செலவுக்குத் தேதி, நேரம், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், வண்டி எண், கட்டணம் ஆகியவற்றை அன்றே குறித்துக் கையொப்பமிடலாம். மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட பயணப்படி ஆணை, ஊதிய நிலை 8 வரையிலான ஊழியர்களின் உள்ளூர்ப் பயணச் செலவை, வண்டி எண் முதலியன குறித்த சுயசான்றின் பேரிலேயே வழங்க வகை செய்கிறது. தனியார் நிறுவனங்களில் இவ்விதி தானாகப் பொருந்தாது; எவ்வளவு தொகை வரை சுயசான்று ஏற்கப்படும் என்பதை நிறுவனமே முடிவு செய்யும்.

கோரிக்கையைச் சமர்ப்பித்தல்

திரும்பிய பின் ஆவணங்களைத் தேதி வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொரு செலவுக்கும் இன்வாய்ஸையும் அதன் அருகே ரசீதையும் வைத்து, கணக்கு அறிக்கையில் உரிய வரிகளை மட்டும் அடிக்கோடிட்டுக் காட்டலாம். தொடர்பற்ற பிற வரிகளை மறைத்துவிடுவது பாதுகாப்பு. காலக்கெடுவும் முக்கியம்: மத்திய அரசு ஊழியர்கள் அலுவலகப் பயணம் முடிந்த 60 நாட்களுக்குள் கோர வேண்டும்; தனியார் நிறுவனங்களின் கெடு அவரவர் விதிப்படி அமையும். பணம் கணக்கில் வரவாகும் வரை மூலத்தாள்களையும் படங்களையும் வைத்திருக்க வேண்டும். போர்டிங் பாஸின் பட்டைக் குறியீட்டில் பயணியின் பெயரும் பி.என்.ஆர். எண்ணும் அடங்கியிருப்பதால், அதன் படத்தைச் சமூக ஊடகங்களில் பகிர வேண்டாம்.