வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

உடம்புச் சூடு என்று சொல்லி பி காம்ப்ளெக்ஸ் விழுங்குவது நம் வழக்கம். பல்பட்ட காயம், மன அழுத்தம், பரம்பரை என்று எதனால் வந்தாலும் சிறு புண்கள் இரண்டு வாரத்துக்குள் தாமே ஆறிவிடும்; மாத்திரைக்குப் புகழ் கிடைப்பதும் அதனால்தான். அடிக்கடி திரும்பினால் மட்டும் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். வாயின் உட்படலம் வேகமாகப் புதுப்பிக்கப்படுவது. அதற்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 தேவை. நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவ உணவுக்காரருக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். சோதிக்காமலே மாத்திரை போட்டால் என்ன? பி12 போதாத நிலையில் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையை மட்டும் சரிசெய்யும், நரம்புப் பாதிப்போ தொடரும்.

புண்ணோடு வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் இருந்தால் குடல் நோயை, பிறப்புறுப்பில் புண்ணும் கண் சிவப்பும் இருந்தால் பெஹ்செட் நோயைச் சந்தேகிக்கலாம். மூன்று வாரமாகியும் ஆறாத ஒற்றைப் புண்ணை, வலிக்காவிட்டாலும், மருத்துவரிடம் காட்ட வேண்டும்; புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய.