கல்லைத் தேய்ப்பது கல்

பாபநாசம் படித்துறையில் குளித்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகளின் கால்சட்டைப் பை பெரும்பாலும் கனத்துத் தொங்கும். உள்ளே கூழாங்கல். அப்படி ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் ஆச்சியிடம் கேட்டான்: "ஆச்சி, இத யாரு இப்படி உருட்டி வச்சா?" பதிலையும் அவனே சொல்லிக்கொண்டான். தாமிரபரணித் தண்ணீர் ஓடி ஓடித் தேய்த்துவிட்டதாம்.

ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணி தேய்க்குமாலே? நம்ம தொட்டியடியில கெடக்க கருங்கல்லு எத்தன வருசமா தண்ணியிலயே கெடக்கு. அது மூல இன்னும் கால கிழிக்குதுல்லா?"

பேரனிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போனதும் கொத்தனார் மிச்சம் வைத்துப்போன செங்கல் ஒன்றை ஆச்சி சுத்தியலால் உடைத்தார். நெல்லிக்காய் அளவில் இருபது துண்டுகள் பொறுக்கினார். பத்துத் துண்டுகளை வாளித் தண்ணீரில் போட்டு மூலையில் வைத்தார். மீதிப் பத்தை மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பாதி டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிப் பேரன் கையில் கொடுத்தார். "குலுக்குலே. ஐந்நூறு எண்ணு."

செங்கல்லை எடுத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆற்றில் கிடக்கும் கல்லை டப்பாவில் போட்டு நாள் முழுக்கக் குலுக்கினாலும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வராது. செங்கல் மென்மையானது, ஆற்றில் நெடுங்காலம் நடப்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

ஐந்நூறு முடிந்ததும் வடிகட்டினார்கள். தண்ணீர் செக்கச்செவேலென்று இறங்கியது. துண்டுகளின் கூர் மழுங்கியிருந்தது. ஆனால் உடைந்த முகப்புகள் இன்னும் அப்படியே தட்டையாக இருந்தன. வாளித் துண்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார் ஆச்சி. அவற்றில் கூர் குறையவே இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் இருந்தது. ஒரு பக்கம்தான் மோதல் இருந்தது. தண்ணீர் கல்லைத் தூக்கி உருட்டும் ஆள், தேய்க்கும் வேலை கல்லுடையது. ஓடும் தண்ணீரோடு வரும் மணலும் தன் பங்குக்கு உரசும்.

மூலை ஏன் முதலில் போகிறது? துண்டு எப்படி உருண்டாலும் துருத்திக்கொண்டிருக்கும் இடம்தான் முதலில் மோதும். தட்டையான முகப்பில் விழும் அடி பரந்த இடத்தில் பகிர்ந்துகொள்ளப்படும். மூலையில் விழும் அடி ஊசிமுனை அளவு இடத்தில் இறங்கும். அதோடு, மூலைக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கச் சதை இல்லை. அடி அதிகம், தாங்கும் பலம் குறைவு, ஆகவே பொடிந்துபோகிறது. அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க நூலொன்று, கடற்கரைக் கல் ஏன் உருண்டையாக இருக்கிறது என்ற இதே கேள்வியைக் கேட்டு, ஓரங்கள்தான் வேகமாக அசைவதால் அதிகம் அடிபடுகின்றன என்று காரணம் சொல்கிறது. திண்ணையில் உட்கார்ந்து யோசித்தே அவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள்.

பேரன் இன்னும் ஐந்நூறு குலுக்கினான், பிறகு இன்னொரு ஐந்நூறு. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் சிவந்தது, ஆனால் வரவர வெளிறிக்கொண்டே வந்தது. கூர் தீர்ந்தபின் எந்தப் பக்கமும் தனித்து அடிவாங்குவதில்லை. கல் எல்லாப் பக்கமும் மெல்ல மெல்ல இளைக்கிறது, அவ்வளவுதான். 2014-ல் ஹங்கேரியக் கணித அறிஞர் கபோர் டொமோகோஷும் அமெரிக்க நிலவியலாளர் டக்ளஸ் ஜெரோல்மாக்கும் தங்கள் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வின் சாரமும் இதுதான். கல் உருளும் பயணத்துக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் நீள அகலம் அநேகமாக மாறாமலே மூலைகள் உதிர்ந்து கல் உருண்டுவிடும். இரண்டாவது கட்டத்தில்தான் அது சிறுக்கத் தொடங்கும்.

மறுநாள் ஆச்சி பேரனை மலையடிவார ஓடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே மலைச்சரிவிலிருந்து புதிதாக விழுந்த கற்கள் கிடந்தன. கை வைத்தால் கீறும். ஆற்றுப் படுகைக்கு வந்தால் கூர் இல்லை. பேரன் கையில் ஒரு விசித்திரமான கல் சிக்கியது. ஒரு பாதி வழவழவென்று உருண்டை, மறு பாதி கத்தி விளிம்பு. ஆச்சி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மொதல்ல உருண்டுருக்கு, பெறகு பெரிய கல்லு மோதிப் பொளந்துருக்கு. பொளந்த பெறகு ரொம்ப தூரம் வரல."

படுகைக் கல்லெல்லாம் கோலிக்குண்டு போல உருண்டையாகவும் இல்லை. பொதிகை மலைப் பக்கம் வரிவரியாக அடுக்கு விழுந்த பாறை உண்டு. அது தட்டைத் தட்டையாகப் பெயரும், எவ்வளவு தேய்ந்தாலும் தட்டையாகவே இருக்கும். ஓரம் மட்டும் வளையும். வெங்கச்சாங்கல்லில் அடுக்கு இல்லை. அது மெதுவாகத்தான் தேயும், ஆனால் தேய்ந்தால் முட்டை முட்டையாக வரும்.

சாதாரண நாளில் இந்தக் கற்கள் அசைவதே இல்லை. முழங்கால் அளவு ஓடும் தண்ணீருக்கு மணலைத்தான் நகர்த்த முடியும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி வரும்போதுதான் கற்களுக்கு வேலை. அப்போது கரையில் நின்றால் தண்ணீருக்கு அடியிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்கும். கல்லோடு கல் மோதும் சத்தம் அது. 2023 டிசம்பரில் வந்தது போன்ற பெருவெள்ளம், அமைதியான பல வருடங்களில் நடக்காத உருட்டலைச் சில நாளில் செய்துவிடும். ஆனால் மேலே காரையாறு அணை இருக்கிறது. மலையிலிருந்து உருண்டு வரும் கல் அணைத் தேக்கத்தோடு நின்றுவிடும். அணைக்குக் கீழே கிடப்பவை பழைய கற்களும், பக்கத்து ஓடைகள் கொண்டுவந்து சேர்ப்பவையும்தான்.

ஆச்சி உடைந்த கல்லைப் பார்த்துக் கதை சொன்னதைத்தான் விஞ்ஞானிகள் இன்னும் தொலைவில் செய்தார்கள். 2012-ல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய இடத்துக்கு அருகே உருண்டைக் கூழாங்கற்களைப் படம் பிடித்தது. காற்றால் அவ்வளவு பெரிய கல்லை உருட்ட முடியாது. ஒருகாலத்தில் அங்கே ஆறு ஓடியிருக்க வேண்டும். அந்தக் கற்களின் வளைவை அளந்து, ஒவ்வொன்றும் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உருண்டு வந்திருக்கும் என்று 2015-ல் கணக்குப் போட்டவர்களில் டொமோகோஷும் ஜெரோல்மாக்கும் உண்டு.

பேரனுக்கு ஒரு வருத்தம் பாக்கி இருந்தது. ஆற்றில் பளபளத்த கல், அலமாரியில் வைத்த அன்றைக்கே மங்கிப்போயிருந்தது. ஆச்சி பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். கல் முழுக்கப் பொடிப் பொடியாகக் குழிகள், மோதல் விட்டுப்போன தழும்புகள். வெளிச்சம் அவற்றில் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால்தான் கல் வெளிறித் தெரிகிறது. நனைந்தால் தண்ணீர் குழிகளை நிரப்பிச் சமமாக்கிவிடும். நிறம் திரும்ப வரும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவினாலும் அதே வேலைதான், கொஞ்ச நாள் தாங்கும். பேரன் அலமாரிக் கல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். வீட்டில் ஆச்சியைத் தவிர யாருக்கும் அது பிடிக்கவில்லை.