மார்ச் மாசம் பேங்க்ல பாலிசி விக்கிறவரும், வாங்குறவரும்: "13 சதவீத லாபம்" கணக்கு

தனியார் பேங்க் கிளையில ரிலேஷன்ஷிப் ஆபீசரா இருக்கிற ஒரு வியூவர் எழுதியிருந்தார். "சார், என் வயசுப் பையனுக்கு ஒரு பாலிசி போட்டுக் கொடுத்தேன். டார்கெட் முடிஞ்சது, ஆனா மனசு உறுத்துது. நான் பண்ணது தப்பா?" அவர் அனுமதியோட, அந்தக் கணக்கை இங்கே பிரிச்சுப் பார்க்கலாம்.

வாங்கினவருக்கு வயசு 27. கைக்கு வர்ற சம்பளம் மாசம் 38,000. சம்பளக் கணக்கு அதே கிளையில. திட்டம் இதுதான்: வருஷம் 1 லட்சம் வீதம் 10 வருஷம் கட்டணும், 20 வருஷ முடிவில் 23 லட்சம் கிடைக்கும். ஆயுள் காப்பீடு 10 லட்சம்.

கிளையில சொல்லிக் கொடுத்த பேச்சு எப்படின்னா, "10 லட்சம் கட்டுறீங்க, 13 லட்சம் லாபம். அதாவது 130 சதவீதம். 10 வருஷம்தானே கட்டுறீங்க, அப்போ வருஷத்துக்கு 13 சதவீதம்." கேட்க சரியாத்தான் இருக்கும். ஆனா முதல் வருஷம் கட்டின 1 லட்சம் 20 வருஷம் அவங்ககிட்ட இருக்கு, கடைசியா கட்டினதுகூட 11 வருஷம் இருக்கு. காலத்தைக் கணக்குல எடுக்காம வகுத்ததால வந்த 13 அது. எக்செல்ல A1 முதல் A10 வரை -100000, A11 முதல் A20 வரை 0, A21-ல் 2300000 போட்டுட்டு இதை டைப் பண்ணுங்க:

```
=IRR(A1:A21)
```

சுமார் 5.4 சதவீதம் வரும். இது மோசடி இல்ல, 23 லட்சம் உண்மையிலேயே கிடைக்கலாம். ஆனா 13-ன்னு நம்பி கையெழுத்துப் போட்டவருக்கு விற்கப்பட்டது வேற பொருள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, வருமானம். வருஷம் 4.56 லட்சம் வாங்குறவர் அதுல 1 லட்சத்தை, கிட்டத்தட்ட 22 சதவீதத்தை, 10 வருஷம் நிறுத்தாம கட்டணும். நடுவுல வேலை மாறினாலோ, வீட்ல கல்யாணம் வந்தாலோ பிரீமியம் நின்னுடும். முன்னாடி ரெண்டு வருஷப் பிரீமியம் கட்டலைன்னா சரண்டர் மதிப்பே கிடையாது. 2024 அக்டோபருக்கு அப்புறம் விதி மாறி, முதல் வருஷம் முழுசா கட்டி முடிச்சாலே ஏதோ திரும்பக் கிடைக்கும். ஆனா அது கட்டின தொகையைவிடக் குறைவுதான். குடும்பத்துக்கு நிஜமா தேவைப்படுற பாதுகாப்பும் இதுல இல்ல. 10 லட்சம்ங்கிறது அவரோட ரெண்டு வருஷச் சம்பளத்தைக் கொஞ்சம் தாண்டுது, அவ்வளவுதான்.

சரி, அந்த ஆபீசர் ஏன் வித்தார்? கமிஷன் ஆசையில இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி பேங்க் ஊழியருக்கு நேரடியா பணமாவோ பரிசாவோ கொடுக்கக்கூடாதுன்னு ஆர்பிஐ விதியே இருக்கு. கமிஷன் பேங்குக்குப் போகுது. ஊழியருக்கு வர்றது காலை ஹடிலும், "இன்னிக்கு எத்தனை லாகின்?"ங்கிற கேள்வியும், அப்ரைசல்ல ஒரு கட்டமும்தான். அதனாலதான் "கமிஷனுக்காக ஏமாத்துறாங்க"ன்னு கிளை ஊழியரை மட்டும் திட்டுறது எனக்கு ஒப்பல.

ஆனா ஒரு விஷயத்தை அவரும் கவனிக்கணும். பேங்க் சார்பா பாலிசி விற்கத் தேர்வு எழுதித் தகுதி பெற்ற ஊழியர் பேரும் குறியீடும் விண்ணப்பத்தோட போகும். நாளைக்குப் புகார் வந்தா வாய்வார்த்தையா அழுத்தம் கொடுத்த மேனேஜர் பேர் அதுல இருக்காது. அதனால வாடிக்கையாளர் வருமானத்தைக் கூட்டிப் போடச் சொன்னாலோ, சரிபார்ப்புக் கால் வந்தா "எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க"ன்னு சொல்லச் சொன்னாலோ, அங்கே நின்னுடணும். அது டார்கெட் இல்ல, பொய்ப் பதிவு. டார்கெட்டுக்கு ஆள் தேடியே ஆகணும்னா, டேர்ம் பாலிசியோ ஹெல்த் பாலிசியோ இல்லாத வாடிக்கையாளர்கள் அதே கிளையில நிறைய பேர் இருப்பாங்க. பிரீமியம் சின்னது, லாகின் எண்ணிக்கை மெதுவாத்தான் ஏறும். உண்மைதான். ஆனா 13-வது மாசம் ரெனியூவல் ஆகுதான்னு தலைமை அலுவலகம் பார்க்கும்போது இந்தப் பாலிசிகள் அவ்வளவு சீக்கிரம் உதிராது.

இப்போ வாங்கினவர் பக்கம். பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாள்லேர்ந்து 30 நாள் ஃப்ரீ லுக் காலம். அதுக்குள்ள ரத்து பண்ணா, ஸ்டாம்ப் டூட்டி, மருத்துவப் பரிசோதனைச் செலவு, அந்தச் சில நாளுக்கான காப்பீட்டுச் செலவு போக மீதி முழுசா வந்துடும். கிளையில வாய்மொழியா சொல்லிட்டு வராதீங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேரா ஈமெயில் பண்ணுங்க. "ஒரு மாசம் பொறுங்க சார், என் வேலை போயிடும்"னு போன் வரலாம். பாவமாத்தான் இருக்கும். ஆனா அந்த ஒரு மாசம்தான் உங்க 30 நாள். பணம் வரலைன்னா முதல்ல கம்பெனியோட புகார்ப் பிரிவு, அப்புறம் பீமா பரோசா தளம், அதுக்கும் மேல இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்.

நம்ம ஆபீசர் விஷயத்துல, அந்தப் பையனுக்கு ஆவணம் வந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. 5.4 சதவீதக் கணக்கையும் 30 நாள் விதியையும் அவர்கிட்ட சொல்லிடுங்கன்னு பதில் எழுதினேன்.