சருகு எங்கே முடிகிறது?

சவுக்குத் தோப்புக்குள் நடந்தால் காலடியில் மெத்தென்று அமுங்குவதை இலை என்றுதான் நினைப்போம். உண்மையில் அவை கணுக்கணுவாக ஒடியும் சிறு குச்சிகள். நிஜ இலைகள் அந்தக் கணுக்களில் செதில்களாக ஒட்டியிருக்கும். மரம் காற்றிலிருந்து எடுத்த கரிமத்தில் ஒரு பங்கு இந்தச் சருகிலும், அதன் கீழே மண்ணிலும் கிடக்கிறது. அதை அளக்கப் போகிறவருக்கு முதல் சோதனையே சருகு எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பதுதான்.

அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைப்பார்கள். வைக்கும் இடத்தை முன்கூட்டியே குலுக்கல்போலத் தேர்ந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கை தானாகவே சருகு அடர்ந்த இடத்துக்குப் போகும். சட்டத்தின் ஓரமாகக் கத்தியால் வெட்டி, மேலே உள்ள புதுச் சருகையும் அடியில் பாதி மட்கியதையும் அள்ளிப் பையில் போட்டு, எடை மாறாத வரை சுமார் 70 பாகை வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். உலர்ந்த எடை 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எக்டேருக்குக் கணக்கிட்டால் 6 டன். சருகுக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.37 என்ற பங்கால் பெருக்கினால் 2.2 டன் கரிமம்.

அள்ளும்போது வெறும் 1 மில்லிமீட்டர் மணல் கூடவே வந்துவிட்டால்? அந்தச் சதுரத்தில் அதன் எடை மட்டும் 375 கிராம். சருகைப் போல இரண்டரை மடங்கு! 2.2 டன் என்பது தாளில் 7.8 டன்னாக ஊதிவிடும். கடற்கரை மணல் மட்கோடு ஒட்டிக்கொண்டு வருவதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. கண்டுபிடிக்க வழி உண்டு. மாதிரியில் கொஞ்சம் எடுத்து 550 பாகையில் எரித்தால் சுத்தமான சருகு சிறிதளவு சாம்பலை மட்டுமே விடும். எடையில் 70 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால் எடைபோட்டதில் பெரும்பகுதி மணல்தான். அந்த மிச்சத்தைக் கழித்துவிட்டுக் கணக்கைத் திருத்த வேண்டும்.

சருகை அள்ளிய அதே சதுரத்தில்தான் மண்ணையும் எடுக்கிறார்கள், 30 சென்டிமீட்டர் ஆழம் வரை பத்துப் பத்தாக மூன்று அடுக்கு. ஆய்வகம் சொல்லும் கரிமச் சதவீதம் மட்டும் போதாது. அந்த ஆழத்தில் எவ்வளவு மண் இருக்கிறது என்பதும் வேண்டும். அதற்காகக் கொள்ளளவு தெரிந்த இரும்பு வளையத்தை ஒவ்வொரு அடுக்கிலும் இறக்கி, அதில் நிறைந்த மண்ணை 105 பாகையில் உலர்த்தி எடைபோடுகிறார்கள். மேலடுக்கில் கரிமம் 0.5 சதவீதம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் என்றால், இரண்டையும் ஆழமான 10-ஆல் பெருக்க எக்டேருக்கு 7.5 டன் வரும்.

வளையத்தைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் உள்ளே மண் இறுகி, இல்லாத கரிமம் கணக்கில் ஏறும். வளையத்துக்குள் மண்மட்டம் வெளிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டுப் பக்கத்தில் மறுபடி எடுப்பதே முறை. காய்ந்த மணலோ வளையத்தைத் தூக்கும்போதே சரிந்துவிடும். அதனால் மழை பெய்து ஓரிரு நாள் கழித்துப் போவது நல்லது.

இன்னொன்றையும் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். சவுக்குச் சருகு அடுப்புக்கு நன்றாக எரியும் என்பதால் ஊரார் தோப்பைக் கூட்டி அள்ளிப் போவார்கள். நேற்று கூட்டிய இடத்தில் இன்று சட்டம் வைத்தால், அடுப்புக்குப் போனது போக மிஞ்சியதுதான் அளவில் வரும். கடைசியாக எப்போது கூட்டினார்கள் என்று சருகு அள்ளும் பெண்களிடமே கேட்டு, அந்தத் தேதியையும் எடையின் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.