ஏற்ற இறக்கங்களைக் கூட்டும் முறை: மடக்கை ஈட்டம் ஒரு விளக்கம்

ஒரு முதலீடு ஒரு காலப்பகுதியில் எத்தனை விழுக்காடு ஏறியது, அடுத்த பகுதியில் எத்தனை விழுக்காடு இறங்கியது என்பன தெரிந்தால், அவற்றைக் கூட்டி மொத்த விளைவை அறிந்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதைக் கோலாலம்பூர் பங்குச் சந்தையின் 1998ஆம் ஆண்டுக் கணக்கே காட்டுகிறது.

ஆசிய நிதி நெருக்கடியின் நடுவே, 1997ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் கூட்டுக் குறியீடு 594.44 புள்ளிகளில் நின்றது. 1998 செப்டம்பர் 1ஆம் நாள், அரசாங்கம் மூலதனக் கட்டுப்பாடுகளை அறிவித்த அன்று, அது 262.70 புள்ளிகளுக்குச் சரிந்தது. பின்னர் மீண்டெழுந்து ஆண்டின் இறுதியில் 586.13 புள்ளிகளை எட்டியது. முதற்பகுதியின் இழப்பு 55.81 விழுக்காடு, இரண்டாம் பகுதியின் ஏற்றம் 123.12 விழுக்காடு. இவ்விரண்டையும் கூட்டினால் 67.31 விழுக்காடு ஆதாயம் என்று விடை வருகிறது. உண்மையிலோ அவ்வாண்டில் குறியீடு 1.40 விழுக்காடு குறைந்தே முடிந்தது.

கிள்ளானில் ஒருவர் அக்குறியீட்டை அப்படியே பின்பற்றும் முதலீட்டில் 10,000 ரிங்கிட் வைத்திருந்தார் என்று கொள்வோம். ஈவுத்தொகையையும் கட்டணங்களையும் இங்கே சேர்க்கவில்லை. செப்டம்பர் 1இல் அவரிடம் ஏறத்தாழ 4,419 ரிங்கிட் இருந்திருக்கும். ஆண்டிறுதியில் 9,860 ரிங்கிட். அவரிடம் "இரு பகுதிகளின் சராசரி ஈட்டம் 33 விழுக்காட்டிற்கு மேல்" என்று ஒருவர் கூறினால், அதன் கூட்டலில் பிழை இராது. ஆயினும் அவர் பணத்தைப் பற்றிய செய்தி பொய்யாகும்.

இதற்குக் காரணம் அடிப்படைத் தொகை மாறுவதே. 55.81 விழுக்காடு என்பது 10,000 ரிங்கிட்டின்மீது கணக்கிடப்பட்டது. 123.12 விழுக்காடோ எஞ்சிய 4,419 ரிங்கிட்டின்மீது கணக்கிடப்பட்டது. வெவ்வேறு தொகைகளின் விழுக்காடுகளைக் கூட்டுவது பொருந்தாது. மதிப்பு காலந்தோறும் பெருக்கலால் மாறுகிறது: முதலில் 0.4419 மடங்கு, பின்னர் 2.2312 மடங்கு. இவ்விரண்டையும் பெருக்கினால் 0.9860 என்னும் சரியான விடை கிடைக்கும்.

பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தருவதே மடக்கையின் பணி. 1614இல் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டதும் இப்பயன் கருதியே. இறுதி மதிப்பைத் தொடக்க மதிப்பால் வகுத்து, அவ்விகிதத்தின் இயல் மடக்கையைக் கண்டால், அதுவே மடக்கை ஈட்டம். நம் கணக்கில்:

ln(262.70 / 594.44) = −0.8166
ln(586.13 / 262.70) = +0.8025

இவற்றின் கூட்டுத்தொகை −0.0141. இதை மீண்டும் விழுக்காடாக்க, e^(−0.0141) காண வேண்டும், விடை 0.9860, அதாவது 1.40 விழுக்காடு இழப்பு. ஆண்டை இரண்டாகப் பிரித்தாலும் இருநூறாகப் பிரித்தாலும் கூட்டுத்தொகை மாறாது. இடையிலுள்ள மதிப்பு ஒவ்வொன்றும் ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் நின்று நீங்கிவிடுவதால், தொடக்கமும் முடிவும் மட்டுமே எஞ்சுகின்றன.

சிறு மாற்றங்களில் இரு முறைகளும் ஏறக்குறைய ஒத்திருப்பதால் பிழை கண்ணில் படுவதில்லை. ஒரு விழுக்காட்டு ஏற்றத்தின் மடக்கை ஈட்டம் 0.00995. எனினும், ஒருநாள் ஒரு விழுக்காடு ஏறி மறுநாள் ஒரு விழுக்காடு இறங்குவதாக 250 நாள்கள் கழிந்தால், எளிய கூட்டல் சுழியம் என்னும், முதலீடோ 1.24 விழுக்காடு குறைந்திருக்கும்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. முதலாவதாக, −0.8166 என்பதை 81.66 விழுக்காடு இழப்பு என்று படித்தல் கூடாது; அஃது 55.81 விழுக்காட்டு இழப்பின் மடக்கை வடிவமே. இரண்டாவதாக, இது காலத்தின் வழியே கூட்டுவதற்குரியது. ஒரே காலத்தில் வைத்திருக்கும் பல பங்குகளைச் சேர்ப்பதற்குரியதன்று. இரு பங்குகளில் ஆயிரம் ஆயிரம் ரிங்கிட் இட்டு, ஒன்று இருமடங்காகி மற்றது பாதியானால், மடக்கை ஈட்டங்களின் சராசரி சுழியம். ஆனால் 2,000 ரிங்கிட் 2,500 ஆகியிருக்கும். அங்கே எளிய ஈட்டங்களின் சராசரியான 25 விழுக்காடே சரி.

ஆகவே, பங்குகளை எளிய ஈட்டத்தால் சேர்த்து, காலங்களை மடக்கை ஈட்டத்தால் கூட்டி, முடிவை விழுக்காடாக்கிச் சொல்லுதலே முறை. நிதி அறிக்கையொன்றைக் காண்பவர் தொடக்கத் தொகையை, அதில் கூறப்பட்ட மொத்த ஈட்டத்திற்குரிய மடங்கால் பெருக்கிப் பார்க்கட்டும். இடையில் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தும் கையிலுள்ள தொகை வரவில்லையெனில், விழுக்காடுகள் நேராகக் கூட்டப்பட்டனவா என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.