ஃபில்டர் மாற்றம் என்றால் எந்த ஃபில்டர்?

"வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்: 6 மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர் மாற்றம், 24 மணி நேரத்தில் சர்வீஸ்." வாட்டர் ப்யூரிஃபையர் விளம்பர வாசகம் இப்படித்தான் வருகிறது. எந்த ஃபில்டர் என்று அதில் இருக்காது.

செடிமென்ட், கார்பன் ஃபில்டர்களுக்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை நியாயமான கணக்கு. விலை கூடிய ஆர்ஓ மெம்பரேன் 2, 3 வருடம் உழைக்கும்; குறைந்த கட்டண ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அது சேராது. கார்பனை மாற்றாமல் விட்டால், குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் மெம்பரேனைக் கெடுத்துவிடும். டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே 500, வெளியே 40 என்றிருந்த அளவு வெளியே 200 ஆக ஏறினால், மெம்பரேனைச் சோதிக்க வேண்டிய நேரம் அது.

அந்த 24 மணி நேரம், ஆள் வீட்டுக்கு வருவதற்கா, போனில் பதில் சொல்வதற்கா? ஞாயிற்றுக்கிழமையும் சேருமா? பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.